வெண்டைக்காய்த் துட்டு வந்து சேர்ந்த கதை

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கடைக்குக் காய் போடும் மாமா ஒருவருக்கு முதல்முறையாக ரொக்கத்துக்குப் பதில் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினோம். 6,363 ரூபாய். செல்போனில் நாலு தட்டு தட்டினால் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை சனிக்கிழமை மதியம் ஆரம்பித்து ஞாயிறு சாயங்காலம்தான் முடிந்தது. அப்போதும் முழுசாக முடியவில்லை, ஏன் என்பது கடைசியில் வரும். அதில் ஒரு தப்பு என்னுடையது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாமா சொந்த மாமா இல்லை, அம்மா வழியில் ஏதோ ஒரு உறவு. கிணற்றுப் பாசனத்தில் ஐம்பது சென்ட் வெண்டை போட்டிருக்கிறார். வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆகவேண்டும், ஒரு நாள் விட்டால் முற்றி நார் ஏறிவிடும், அப்புறம் அதை மாடுதான் தின்ன வேண்டும். பறித்த காயைச் சாக்கில் கட்டி ஊர் வேனில் ஏற்றிவிடுவார். சில நாள் கூடவே வருவார், பல நாள் வரமாட்டார். அந்த வாரத்துப் பறிப்புக்கெல்லாம் சேர்த்து சனிக்கிழமை கடைக்கு வந்து பணம் வாங்கிப் போவார். வருஷக்கணக்காக இப்படித்தான் நடக்கிறது.

அது ஆவணி மாசம், ஓணத்துக்கு முந்தின வாரம். புளியரை தாண்டிப் போகிற லாரிகள் மார்க்கெட்டில் வரிசைகட்டி நிற்கும் சமயம். கேரளாக்காரர்கள் வாங்கும் காய்க்கு இப்போதெல்லாம் பணம் வங்கி வழியாகத்தான் வருகிறது, கடை முதலாளி அண்ணாச்சி அதை வங்கியில் எடுத்து விவசாயிகளுக்குக் கொடுப்பார். அன்றைக்கு இரண்டாம் சனி, வங்கி லீவு. கல்லாவில் இருந்த ரொக்கம் காலையிலேயே தீர்ந்துவிட்டது. மாமா வந்து நின்றபோது அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"மாமாவுக்கு போன்லேயே போட்டு விடுடே."

மாமாவிடம் இருப்பது பட்டன் போன். அதை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார், அதற்குள்ளேயே பணம் வந்து விழும் என்கிற மாதிரி. "டீக்கடையில பெட்டி கத்துதுல்லா, அந்த மாதிரி இதுவும் கத்துமாடே?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி என்று மறுநாள்தான் புரிந்தது.

முதலில் அவர் சொன்ன செல் நம்பரை ஆப்பில் அடித்தேன். பெயர் வந்தது, ஆனால் மாமா பெயர் இல்லை, அவர் மகன் பெயர். அந்தப் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஊரில் இருந்த காலத்தில் அந்த சிம் அவனுடையது, அவன் அதை வைத்துத் தன் வங்கிக் கணக்கை ஆப்பில் சேர்த்திருக்கிறான், திருப்பூர் போகும்போது புது சிம் வாங்கிக்கொண்டு பழையதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். சிம் கை மாறியது, அந்த நம்பர் எந்தக் கணக்கோடு கட்டிக் கிடக்கிறது என்பது மாறவே இல்லை. செல் நம்பருக்கு அனுப்பும் பணம் அந்த போனை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துப் போவதில்லை, நம்பரோடு சேர்த்து வைத்த கணக்குக்குத்தான் போகும்.

"எம்மவன்தானடே, அனுப்பு" என்றார் மாமா. அனுப்பியிருக்கலாம். பையன் நல்ல பையன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்குப் பறிப்புக் கூலி கொடுக்க வேண்டியவர் மாமா, அவன் அங்கிருந்து யார் மூலமாகக் கொடுத்து அனுப்புவான்? வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். எங்கள் மாதிரி இடத்தில் இந்த வேலையில் கண்ணை நன்றாகத் திறந்து வைக்கவேண்டிய நேரம் இதுதான். பணம் போகுமுன் திரையில் ஒரு பெயர் வரும், அதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, எதிரே நிற்பவர் ஆமாம் நான்தான் என்று சொன்ன பிறகுதான் ரகசிய எண்ணை அடிக்கவேண்டும்.

சரி, கணக்கு எண்ணுக்கே அனுப்புவோம் என்று பாஸ்புக் கேட்டேன். நல்லவேளை, கிசான் பணம் இரண்டாயிரம் வந்ததா என்று பார்ப்பதற்காக அதைப் பையிலேயே வைத்திருந்தார். மஞ்சள் பையைத் திறந்தால் ரேஷன் கார்டு, மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் ஒரு துண்டு, அதற்குள் சுற்றி பாஸ்புக். கடைசியாகப் பதிந்த வரியில் இருப்பு 412 ரூபாய். கணக்கு எண்ணையும் முதல் பக்கத்தில் இருந்த கிளைக் குறியீட்டையும் அடித்தால் ஆப் ஒப்புக்கொள்ளவே இல்லை. 2020 ஏப்ரலில் பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக இணைத்தார்களே, அதில் போன வங்கி அது. கணக்கு எண் பழையபடியே இருக்கிறது, கிளைக் குறியீடு மட்டும் மாறிவிட்டது, பாஸ்புக் மாறவில்லை. அரசாங்கப் பணம் ஆதார் வழியாக வருவதால் மாமாவுக்கு இந்தப் பழைய குறியீடு எந்த நாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. கிளையின் பேரைப் போட்டுத் தேடிப் புதுக் குறியீட்டை எடுத்தேன்.

கணக்கு எண்ணுக்கு அனுப்பும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. பெறுபவர் பெயர் என்று ஒரு கட்டம் வரும், அதில் நாம் என்ன அடித்தாலும் பணத்தைச் சேர்ப்பது எண்ணை வைத்துத்தான். ஒரு எண் மாறி அடித்து, அப்படி ஒரு கணக்கு நிஜமாகவே இருந்துவிட்டால், பணம் யாரோ ஒருவருக்குப் போய்விடும், அவராக மனம் வைத்தால்தான் திரும்பும். அதனால் முதலில் ஒரு ரூபாய் மட்டும் அனுப்பினேன். போனது. திரையில் வங்கியில் பதிந்த பெயரும் வந்தது, மாமா பெயரும் அவர் அப்பா பெயரின் முதலெழுத்தும். "அந்த ஒத்த ரூவாயைக் கழிச்சுராதடே, அது மொதப் பணம்" என்றார் அண்ணாச்சி.

இனி கணக்கு. திங்கட்கிழமை மூன்று சாக்கு, சாக்குக்கு ஒரு கிலோ கழித்து 121 கிலோ, கிலோ 26 ரூபாய், ஆக 3,146. இதில் எங்கள் கமிஷன் நூற்றுக்குப் பத்து, 315. இறக்குக் கூலி சாக்குக்குப் பத்து என்று 30. வேன் வாடகை சாக்குக்கு 25 வீதம் 75, அதை நாங்கள் வேன்காரருக்குக் கொடுத்துவிட்டு விவசாயி கணக்கில் கழிப்போம். போக நிற்பது 2,726. புதன்கிழமையும் மூன்று சாக்கு, 118 கிலோ, விலை இரண்டு ரூபாய் இறங்கி 24, எல்லாம் போக 2,444. வெள்ளிக்கிழமை இரண்டே சாக்கு, 82 கிலோ, ஆனால் ஓணச் சரக்குக்கு ஆள் முட்டியதால் விலை 31. விதைக்கும் உரத்துக்கும் மாமா வாங்கியிருந்த முன்பணத்தில் இந்த வாரம் ஆயிரம் பிடிக்கவேண்டும். எல்லாம் கூட்டிக் கழித்து 6,363 என்று எனக்கு வந்தது. அடித்தேன், அண்ணாச்சி ரகசிய எண்ணைப் போட்டார்.

பச்சை வரவில்லை. மஞ்சளில் `Processing` என்று நின்றுவிட்டது. அண்ணாச்சி கணக்கிலிருந்து 6,363 எடுத்தாயிற்று என்று குறுஞ்செய்தி மட்டும் வந்துவிட்டது.

கமிஷன் கடையில் வேலை பார்க்கும் யாரும் இந்த மஞ்சளைப் பார்த்திருப்பார்கள். எதிரே ஒருத்தர் நின்றுகொண்டு இருக்கிறார், அவருக்கு பஸ் போய்விடும், பின்னால் இன்னும் நாலு பேர் சிட்டையோடு நிற்கிறார்கள், கை தானாக மறுபடி அனுப்பப் போகும். என் கையும் போனது. "பொறுடே" என்று அண்ணாச்சி தடுத்தார், ஏற்கனவே ஒருமுறை வேறு ஒருத்தருக்கு இப்படி இரண்டு தடவை போய், கூடப் போனதைத் திருப்பி வாங்க அவர் அலைந்தது அவருக்கு மறக்கவில்லை. மஞ்சள் என்றால் பணம் போகவில்லை என்று அர்த்தம் இல்லை. அனுப்பும் வங்கி எடுத்துவிட்டது, வாங்கும் வங்கி பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒன்று போய்ச் சேரும், அல்லது திரும்பி வரும். சேராத பணத்தை மறுநாளைக்குள் தானாகத் திருப்பிவிட வேண்டும், அதற்கும் மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. இந்த விதி இருப்பதால்தான் மஞ்சளில் காத்திருக்கலாம் என்கிறேன், மறுபடி அனுப்பினால் அது இன்னொரு தனிப் பணம்.

ஆனால் இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? அவர் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: காய் போய்விட்டது, அண்ணாச்சியிடமும் பணம் இல்லை, தன்னிடமும் இல்லை. "அப்போ துட்டு இப்போ எங்கடே இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நடுவில் இருக்கிறது என்றேன். "நடுவுலன்னா? செங்கோட்டையிலயா, தென்காசியிலயா?" அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார், மாமா சிரிக்கவில்லை. வெறும் கையோடு பஸ் ஏறினார். பஸ் காசுக்கு அண்ணாச்சி ஐம்பது ரூபாய் கொடுத்ததை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

சாயங்காலம் பச்சை வந்தது. கூடவே பன்னிரண்டு இலக்கத்தில் `UTR` எண்ணும். மாமாவுக்கு போன் போட்டு, வந்துட்டு மாமா என்றேன்.

"உன் போன்ல பச்சை வந்தா எனக்கு என்னடே. எனக்கு ஒரு சத்தமும் வரலையே."

அவர் பேசியதுதான் சரி. பச்சை என்பது அனுப்பியவன் திரையில் தெரிவது. சில்லறைக் கடைகளில் யாரோ எடுத்து வைத்த பழைய பச்சைப் படத்தைக் காட்டிவிட்டுக் காயைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. வாங்குகிறவருக்கு அத்தாட்சி அவருடைய கணக்கில் ஏறிய வரி மட்டும்தான். அந்த வரி ஏறியதைச் சொல்ல மாமாவுக்கு ஒரு வழியும் இல்லாமல் இருந்தது. கணக்கு ஆரம்பித்தபோது கொடுத்த செல் நம்பர் எப்போதோ தொலைந்துபோனது, வங்கியின் குறுஞ்செய்தி இன்னும் அந்த நம்பருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். இருப்பைச் சொல்லும் மிஸ்டு கால் வசதியும் பதிந்த நம்பரிலிருந்து கூப்பிட்டால்தான் வேலை செய்யும். பட்டன் போனிலேயே `*99#` போட்டு இருப்பு பார்க்கலாம், அதற்கும் பதிந்த நம்பர் வேண்டும், ரகசிய எண் போட்டு வைத்திருக்கவும் வேண்டும். ஏடிஎம் கார்டு வந்த உறையோடு பெட்டியில் கிடக்கிறது. பாஸ்புக்கில் பதிய திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பறிப்பு. மூன்று பெண்கள், ஆளுக்கு ஐந்நூறு பாக்கி. அவர்களிடம் போய் நடுவில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா. மாமா என்னைக் கூப்பிட்டார், நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஊரில் ஒரு மளிகைக் கடையில் கைரேகை மெஷின் வைத்துப் பணம் கொடுக்கிறார்கள், ஆதார் இணைந்த கணக்காக இருந்தால் எந்த வங்கியானாலும் சரி, லீவு நாளும் கிடையாது. கிசான் பணம் வரும் கணக்கு என்பதால் ஆதார் இணைந்துதான் இருந்தது. அந்த மெஷின் ஞாபகம் எனக்குச் சனிக்கிழமையே வந்திருக்க வேண்டும்.

மாமா வலது கட்டை விரலை வைத்தார். விழவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். விழவில்லை. வெண்டை பறிக்கிறவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? காயிலும் காம்பிலும் இருக்கும் சுனை குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் சிவந்து தடித்திருக்கும், பறித்துவிட்டு வந்த அன்றைக்கு பிசினும் மண்ணும் கறுப்பாக ரேகைக்குள் ஏறி அடைத்திருக்கும். அதற்கும் மேல் முப்பது வருஷ மண்வெட்டிப் பிடி. ரேகை இருந்த இடம் வழவழவென்று இருந்தது. கடைக்கார அக்கா பழக்கப்பட்டவர். உள்ளே போய்க் கொஞ்சம் புளியும் சோப்பும் கொண்டு வந்தார், மாமா வாளித் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடைத்து, அப்புறம் அதிகம் தேயாத இடது மோதிர விரலை வைத்தார். விழுந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் இருப்பு மட்டும் பார்க்கச் சொன்னேன், பணம் எடுக்க அப்புறம். ஒவ்வொரு தடவை விரல் வைக்கும்போதும் மெஷினில் என்ன போட்டிருக்கிறார்கள், இருப்பா, எடுப்பா, எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் வைக்க வேண்டும். ரேகை விழவில்லை என்று சொல்லிவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள், படிக்கத் தெரியாதவர்கள் மாசக்கணக்கில் கண்டுபிடிக்க மாட்டார்கள். நடந்ததா இல்லையா என்பதற்கு அச்சுத் துண்டு கேட்டு வாங்க வேண்டும். இந்த அக்கா கேட்காமலே கிழித்துக் கொடுத்தார்.

துண்டில் இருப்பு 6,776.

மாமா அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உதடு அசைந்தது. சந்தோஷப்படுவார் என்று நான் நின்றுகொண்டிருக்கிறேன், அவர் முகம் மாறவில்லை. "இருபத்தஞ்சு ரூவா குறையுதேடே" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வங்கி எதையாவது பிடித்திருக்கும் என்றேன். அவர் கேட்கவில்லை. முன்னால் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு, நீ அனுப்பின ஒத்த ரூவா, அப்புறம் ஆறாயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டு, ஆக ஆறாயிரத்து எண்ணூற்று ஒண்ணுல்லா இருக்கணும். அந்த 6,388 அவர் எங்கும் எழுதி வைத்ததில்லை. வேனில் சாக்கு ஏற்றும்போதே எடை ஒரு மதிப்பு, விலையை வேன்காரரிடம் கேட்டுக்கொள்வார், மீதியெல்லாம் மனக்கணக்கு.

கடைக்குத் திரும்பி வெள்ளிக்கிழமை சிட்டையை எடுத்தேன். 82 கிலோ, 2,542 ரூபாய், கமிஷன் 254, இறக்குக் கூலி இரண்டு சாக்குக்கு 20, வேன் வாடகை 75. இரண்டு சாக்குக்கு வாடகை ஐம்பதுதான். திங்களும் புதனும் 75 எழுதிய கை வெள்ளியும் 75 எழுதிவிட்டது. 2,218 வரவேண்டிய இடத்தில் 2,193.

ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இந்தத் தப்பு கடை வாசலிலேயே பிடிபட்டிருக்கும். சனிக்கிழமை மாமா எப்படி வாங்குவார் என்றால், ஒவ்வொரு சிட்டையாகப் படிக்கச் சொல்லி, அந்தச் சிட்டைக்கு உரிய பணத்தைத் தனியாக எண்ணி வாங்கி, அடுத்த சிட்டைக்குப் போவார். நோட்டை எண்ணுகிற நேரம்தான் அவர் கணக்குப் பார்க்கிற நேரமும். அனுப்பியபோது மூன்று சிட்டையும் கழிவும் முன்பணப் பிடித்தமும் ஒரே தொகையாகப் போய்விட்டது, நான் ஒரு சிட்டையைக்கூட வாசிக்கவில்லை, பெயரும் குறியீடும் மஞ்சளும் என்று எல்லார் கவனமும் போனிலேயே இருந்தது. பணம் சரியான கணக்குக்குப் போகிறதா என்று மூன்று தடவை பார்த்தவன், சரியான பணம் போகிறதா என்று பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு கடையில் ஒன்று மாற்றினோம். கணக்கில் போடுகிற விவசாயிக்கு அன்றன்றைய சிட்டையை அன்றே வேன்காரரிடம் கொடுத்து அனுப்புகிறோம். சனிக்கிழமை அனுப்புமுன் மூன்றையும் சத்தமாகப் படித்து, கூட்டுத்தொகையை அவர் வாயால் சொல்ல வைத்து, அதற்கப்புறம்தான் போனை எடுப்பது. சிட்டைக்கு ஒன்றாகத் தனித்தனியாக அனுப்பலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன், நாற்பது பேருக்கு மூன்று மூன்று தடவை அனுப்பிக்கொண்டிருந்தால் காயை யார் பார்ப்பது என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார், அதுவும் நியாயம்தான். மாமா அடுத்த வாரமே ஆதாரும் பாஸ்புக்குமாக வங்கிக்குப் போய் இப்போதைய செல் நம்பரைப் பதிய எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மகனையும் அந்தப் பழைய நம்பரைத் தன் ஆப்பிலிருந்து எடுக்கச் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் மாமா 1,500 ரூபாய் எடுத்தார். மூன்று பெண்களும் வாசலிலேயே நின்றார்கள். கூலி மட்டும் இன்னும் ரொக்கம்தான், அவர்களில் ஒருவர் கணக்கில் கடன் தவணை பிடிப்பு இருக்கிறது, போட்டால் போட்ட இடத்திலேயே போய்விடும். அதனால் மாமா இப்போது சனிக்கிழமை வந்ததும் முதலில் சொல்லிவிடுகிறார்: கூலிக்கு ஆயிரத்து ஐந்நூறு கையில, மிச்சம் அங்க.

அந்த இருபத்தைந்து ரூபாயை போனில் அனுப்பவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை நீட்டினார். இரண்டு பத்து ரூபாய் நாணயமும் ஒரு ஐந்து ரூபாயும் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, எண்ணி, மடியில் கட்டிக்கொண்டார்.